எலக்ட்ரீஷியன் இறங்கிய பிறகு

ஐந்து அங்குலத் தளம் ஒன்றுக்குக் கம்பி கட்டி முடிந்ததும் சாயங்காலமே இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் காலை கான்கிரீட். வழக்கம் இதுதான், கோளாறும் இதில்தான். அவர் போன பிறகு எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஏறுகிறார்கள். நாலு பேர் கம்பி மேல் நடந்து, குந்தி உட்கார்ந்து பைப் மாட்டுகிறார்கள். இன்ஜினியர் பார்த்த தளம் வேறு, மறுநாள் கான்கிரீட் விழும் தளம் வேறு. அதனால் கடைசிப் பார்வை, எலக்ட்ரீஷியன் இறங்கிய பிறகு, மிக்ஸர் ஓடுவதற்கு முன்பு இருக்க வேண்டும்.

அதைக் கீழே இருந்து தொடங்குவது நல்லது. 12க்கு 14 அடி அறை என்றால் அதன் மேல் விழும் ஈரக் கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 5 டன். மூன்றடிக்கு ஒரு முட்டு வைத்திருந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் கால் டன்னுக்கு மேல் உட்காரும். ஆட்களும் வைப்ரேட்டரும் தனி. முட்டு நேராக நிற்கிறதா, அடியில் பலகை இருக்கிறதா, ஆப்பு ஆணியடிக்கப்பட்டிருக்கிறதா, குறுக்குக் கட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். அடியில் செங்கல்லை அடுக்கியிருந்தால் உடனே மாற்றச் சொல்லலாம்; புதிதாக மண் கொட்டி நிரப்பிய தரையில் அது ஒரு பக்கமாகப் புதையும். அப்படியே மேலே அண்ணாந்து பார்த்தால் ஷீட்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும் இடங்கள் அகப்படும். வெளிச்சம் வரும் வழியில் சிமென்ட் பாலும் இறங்கிவிடும். மிஞ்சுவது ஜல்லி தெரியும் பொத்தல் கான்கிரீட்.

மேலே ஏறியதும் கம்பி. கூரையின் உட்புறம், அதிக ஈரமோ உப்புக்காற்றோ படாத இடத்தில், ஐ.எஸ். 456 விதிப்படி கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். கூடுதலாக 10 மி.மீ. வரை போனால் ஒப்புக்கொள்ளும் விதி, குறைவதற்கு இடமே தருவதில்லை. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகுவது பழைய பழக்கம். யாராவது மிதித்தால் அது நழுவிவிடும். காலால் கம்பியை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாலே தெரியும். ஷீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அங்கே இன்னொரு பிளாக் வேண்டும். சில வருடங்களில் கூரைப் பூச்சு பெயர்ந்து துருக்கோடு தெரியும் வீடுகள் பல இந்தச் சோதனையில் தோற்றவைதான்.

அதைவிட ஆபத்தானது மேல் கம்பி. 125 மி.மீ. தளத்தில் 10 மி.மீ. கம்பியின் முதுகு ஷீட்டிலிருந்து 105 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அதாவது கம்பியின் மையம் 100 மி.மீட்டரில். நடமாட்டத்தில் சேர் கம்பி சாய்ந்து, மேல் கம்பி 25 மி.மீ. இறங்கினால் மையம் 75க்கு வந்துவிடும். அந்த இடத்தின் வலுவில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. உள்ளறையில் மற்றப் பகுதிகள் கொஞ்சம் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அந்த வசதி கிடையாது. அவை தொங்குவதே மேல் கம்பியை நம்பித்தான். அங்கே டேப்பை ஷீட்டில் ஊன்றி அளந்தே தீர வேண்டும். சேர் கம்பிகளை நிமிர்த்திக் கட்டி, நடக்கப் பலகை போட்ட பிறகே ஆட்களை ஏற்றலாம்.

பைப்புகளின் இடம் கீழ் வலைக்கும் மேல் வலைக்கும் நடுவில். ஷீட்டோடு ஒட்டிப் படுத்திருக்கும் பைப், பின்னால் கூரையில் நேர்கோட்டு விரிசலாக வெளியே வரும். சுவிட்ச் போர்டு பக்கம் ஆறேழு பைப்புகள் கட்டாக இறங்குவதுண்டு; அவற்றுக்கு நடுவே கான்கிரீட் புகாது. 25 மி.மீ. பைப்புகளை மையத்துக்கு மையம் 75 மி.மீட்டராவது விலக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். ஃபேன் பாக்ஸுக்கு அறையின் இரு மூலைவிட்டங்களிலும் நூல் பிடித்தால் போதும். நூல் வெட்டும் புள்ளியில் பாக்ஸ் இல்லையென்றால், வீட்டுக்காரர் அண்ணாந்து படுக்கும் ஒவ்வொரு இரவும் அது கண்ணில் உறுத்தும். பாக்ஸ் கம்பியோடு கட்டப்பட்டு, உள்ளே தெர்மகோல் அடைத்திருக்க வேண்டும்.

கடைசியில் குப்பை. கட்டுக்கம்பித் துண்டுகள், மரத்தூள், பீடித்துண்டு, செருப்பு மண் எல்லாம் உத்தரத்தின் அடியிலும் தூண் தலையிலும் போய்ச் சேரும். கான்கிரீட் பிடிக்க வேண்டிய முக்கியமான இடங்களே அவை. தண்ணீர் பீய்ச்சினால் மட்டும் போதாது, அது குப்பையை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓர் ஓரத்தில் ஷீட்டைத் திறந்து வெளியேற்றி, தேங்கிய நீரையும் வடித்துவிட்டு மூட வேண்டும். கட்டுக்கம்பித் துண்டுகளைக் கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்று சுலபமாகப் பொறுக்கும். விட்டுவைத்தால் ஒவ்வொன்றும் கூரையில் ஒரு துருப்புள்ளி.

இவ்வளவும் சரியென்றால் மிக்ஸரை ஓட்டச் சொல்லலாம். ஆனால் சென்ட்ரிங் ஆள் ஒருவர் சுத்தியலும் உபரி ஆப்புகளுமாகக் கீழேயே நிற்க வேண்டும். மேலே கொட்டக் கொட்ட எந்த முட்டு தளர்கிறது, எங்கே சொட்டுகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.