பூட்டு பெரியவர்கள் ப்ரொஃபைலுக்கு

நெட்ஃபிளிக்ஸில் பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டுக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். டிவியைப் போட்டால் வீட்டிலுள்ள எல்லோருடைய படமும் வரிசையாகத் தெரியும். அப்பாவின் படத்தை அமுக்கினால் அப்பாவுக்கு உள்ளதெல்லாம் திறந்துவிடும். அதனால் பூட்டு வேண்டியது பெரியவர்களின் ப்ரொஃபைலுக்குத்தான்.

ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, எட்டாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கில் 5 ப்ரொஃபைல் வரை வைக்கலாம் என்பதால் ஆளுக்கொன்று கிடைத்துவிடும். இந்தியாவில் ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு U, U/A 7+, U/A 13+, U/A 16+, A என்று ஐந்து வயதுப் பிரிவுகள் உண்டு. மகனுக்குக் குழந்தைகள் ப்ரொஃபைல் போட்டு U என்று வையுங்கள். மகளுக்குச் சாதாரண ப்ரொஃபைலே போதும். வரம்பு U/A 13+. சின்னக் குழந்தைகளின் கார்ட்டூன்களை மட்டும் காட்டினால் அந்த வயதுப் பிள்ளை அப்பாவின் ப்ரொஃபைலைத்தான் தேடிப் போகும்.

பிரவுசரில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு ப்ரொஃபைலாகத் தேர்ந்தெடுத்து இந்த வரம்பை மாற்றலாம். கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். வரம்புக்குள் வந்தாலும் உங்களுக்குப் பிடிக்காத தொடர் ஏதாவது இருந்தால், அதன் பெயரைக் கொடுத்து அந்த ப்ரொஃபைலில் மட்டும் தடுத்துவிடலாம்.

அடுத்து, அப்பா, அம்மா ப்ரொஃபைல்களில் Profile Lock என்பதைத் தேர்ந்து நான்கு இலக்க பின் எண் போடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம். பிள்ளைகளுக்கு அது தெரியும். கணக்கில் ஐந்து ப்ரொஃபைலும் நிரம்பவில்லை என்றால், புதிதாக ஒன்று சேர்க்கவும் பின் கேட்கும்படி வையுங்கள். இல்லையென்றால் பிள்ளையே வரம்பில்லாத ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

பெரும்பாலும் ஓட்டை விழுவது பாட்டியின் ப்ரொஃபைலில்தான். ஒவ்வொரு முறையும் ரிமோட்டில் எண் அடிப்பது அவருக்குச் சிரமம். அங்கே பூட்டுக்குப் பதில் வரம்பையே U/A 13+ என்று குறைத்துவிட்டால் மகள் உள்ளே போனாலும் கவலையில்லை. ஒன்றாவது படிக்கும் பையனுக்கு மட்டும் அது திறந்த வழிதான்.

எல்லாம் முடிந்ததும் மகளின் ப்ரொஃபைலில் நின்று, A பிரிவுத் தொடர் ஒன்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். அது வரக்கூடாது. பிறகும் அப்பாவின் ப்ரொஃபைலில் பாதி பார்த்த கார்ட்டூன் ஒன்று தலைகாட்டினால் பின் எண் கசிந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணை மாற்றுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர் பின் எண்ணையும் மாற்றிவிடலாம் என்பதால் அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

இந்தப் பூட்டெல்லாம் நெட்ஃபிளிக்ஸுக்குள் மட்டும்தான் செல்லும். அதே டிவியில் உள்ள யூடியூபுக்கும் மற்ற ஓடிடி செயலிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.