குழந்தையின் முகத்தைக் கார்ட்டூன் ஆக்கும் முன்

பிறந்தநாளில் எடுத்த ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஆறு வயது மகள் கேக் வெட்டுகிறாள். சுற்றிலும் தாத்தா, பாட்டி, அத்தை பிள்ளைகள், எதிர்வீட்டுச் சிறுவன். பள்ளி விட்டு நேராக வந்ததால் சிறுவன் சீருடையில் இருக்கிறான். சட்டைப் பையில் பள்ளியின் பெயர் படிக்கும்படி இருக்கிறது. இந்தப் படத்தை ஓர் இலவசக் கார்ட்டூன் செயலியில் கொடுத்தால் சில நொடிகளில் எல்லாரும் பெரிய கண்களும் பளபளப்பான கன்னங்களுமாக மாறிவிடுகிறார்கள். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதும் பாராட்டுகள் குவிகின்றன. மாறி வந்த படத்தை எல்லாரும் பார்க்கிறோம். கொடுத்த மூலப் படம் எங்கே போனது, அதை வைத்துக்கொண்டு செயலிக்காரர்கள் என்னென்ன செய்யலாம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் போகும் வழி

முகத்தைக் கார்ட்டூனாக்கும் வேலை மூன்று படிகளில் நடக்கிறது. படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் முதலில் கண்டுபிடிக்கிறது. அடுத்து கண், மூக்கு, வாயின் ஓரங்கள், தாடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முகத்தை நேராக்கி வெட்டி எடுக்கிறது. கடைசியாக, ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட இன்னொரு மென்பொருள் அந்த முகத்தைப் புதிதாக வரைகிறது. இந்தக் கடைசிப் படிக்குக் கணினியின் பலம் அதிகம் தேவை. எளிய வடிகட்டிகள் போனுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். பல செயலிகளோ படத்தை இணையம் வழியாகத் தங்கள் சர்வருக்கு அனுப்பி, அங்கே வரைந்து, முடிவை மட்டும் நம் போனுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அந்த சர்வர் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

உங்கள் செயலி எந்த வகை என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழந்தை படம் எதுவும் கொடுக்காமல் ஒரு பொம்மையின் படத்தையோ சுவர் ஓவியத்தின் படத்தையோ மாற்றச் சொல்லுங்கள். இணையம் வேண்டும் என்று செயலி அடம்பிடித்தால், அது சர்வரை நம்பியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமலே மாற்றிக் கொடுத்தால் வேலை போனிலேயே நடக்கிறது. ஆனால் இணைப்பு திரும்பியதும் படத்தைப் பின்னணியில் அனுப்ப அதனால் முடியும் என்பதால், இந்தச் சோதனையில் தேறியது என்பதை முழு உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது.

கோப்புக்குள் முகத்தைத் தவிர வேறு விவரங்களும் இருக்கும். படம் எடுத்த தேதி, நேரம், போனின் மாடல் ஆகியவை அதிலேயே பதிவாகின்றன. கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி இயங்கினால், எடுத்த இடமும் வீட்டைச் சுட்டிக்காட்டும் அளவுக்குத் துல்லியமாகப் பதிவாகிவிடும். பிறந்தநாள் படத்தில் குழந்தையின் முகம், வீடு இருக்கும் இடம், பிறந்த தேதி, சிறுவனின் பள்ளி ஆகிய நான்கும் சேர்ந்திருக்கக்கூடும்.

நாம் படிக்காமல் தரும் ஒப்புதல்

2019 ஜூலையில், முகத்தை முதியவர் முகமாக மாற்றிக் காட்டும் ஃபேஸ்ஆப் என்ற செயலி உலகம் முழுவதும் பரவியது. ரஷ்யாவைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கிய செயலி அது. அதன் விதிமுறைகளைச் சிலர் உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் பேசுபொருளானது. பயனர் தரும் படங்களைக் காலவரம்பின்றி, திரும்பப் பெற முடியாதபடி, கட்டணம் எதுவும் தராமல், உலகின் எந்தப் பகுதியிலும் பயன்படுத்தவும் மாற்றவும் வெளியிடவும் பிறருக்கு அந்த உரிமையைக் கைமாற்றவும் நிறுவனத்துக்கு அனுமதி உண்டு என்று அதில் எழுதியிருந்தது. பயனர் தேர்ந்தெடுத்த படம் மட்டுமே சர்வருக்குப் போகிறது, பெரும்பாலான படங்கள் 48 மணி நேரத்துக்குள் அழிக்கப்படுகின்றன, படங்களை யாருக்கும் விற்பதில்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது.

அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. 48 மணி நேரத்தில் அழிப்போம் என்பது நிறுவனம் இன்று பின்பற்றும் பழக்கம். விதிமுறையில் எழுதியிருப்பது நாம் தந்துவிட்ட உரிமை. பழக்கம் நாளை மாறலாம். நிறுவனமே இன்னொருவருக்குக் கைமாறலாம். எழுதிக்கொடுத்த உரிமை அப்போதும் நிற்கும். இதுபோன்ற வாசகங்கள் ஒரு செயலிக்கு மட்டும் உரியவை அல்ல. படம் வாங்கும் பல சேவைகளின் விதிமுறைகளில் இவை ஏறக்குறைய இதே வடிவில் இருக்கின்றன.

வேறு வேலைக்குப் போன முகங்கள்

எவர் என்ற செயலியின் கதை இதைவிடத் தெளிவான பாடம். அது கார்ட்டூன் செயலி அல்ல. குடும்பப் படங்களை இலவசமாகச் சேமித்து வைக்கத் தந்த செயலி. அமெரிக்காவின் எவரால்பம் நிறுவனம் அதை நடத்தியது. 2017இல், ஒரே ஆள் இருக்கும் படங்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் முக அடையாள வசதியை அது கொண்டுவந்தது. பயனர் ஒப்புக்கொண்டால்தான் அது இயங்கும் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் பெரும்பாலானோருக்கு அது தானாகவே இயங்கியது, அணைக்கவும் வழியில்லை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது.

இன்னும் கனமான குற்றச்சாட்டும் இருந்தது. பயனர்களின் படங்களிலிருந்து லட்சக்கணக்கான முகங்களை வெட்டியெடுத்து, முக அடையாள மென்பொருளைப் பழக்குவதற்கான தரவுத் தொகுப்புகளை நிறுவனம் உருவாக்கியது. அதில் பிறந்த தொழில்நுட்பத்தைப் பிற நிறுவனங்களுக்கு விற்கும் சேவையிலும் பயன்படுத்தியது. கணக்கை மூடினால் படங்களை அழித்துவிடுவோம் என்ற வாக்குறுதியும் 2019 அக்டோபர் வரையாவது நிறைவேற்றப்படவில்லை.

2021இல் ஆணையம் இறுதி உத்தரவு பிறப்பித்தது. மூடிய கணக்குகளின் படங்களை மட்டும் அழித்தால் போதாது. ஒப்புதல் தராத பயனர்களின் படங்களிலிருந்து பெற்ற முக அடையாளத் தரவையும் பயனர்களின் படங்களைக் கொண்டு பழக்கிய மென்பொருளையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்றது. இதற்குக் காரணம் இருக்கிறது. முக அடையாள மென்பொருள் ஒரு முகத்தைப் படமாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்த முகத்துக்கே உரிய எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. மூலப் படம் அழிந்த பிறகும் எண்கள் இருக்கலாம். அந்த முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளும் தொடர்ந்து வேலை செய்யும்.

கார்ட்டூன் வரைய ஒருவர் யார் என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. முகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஆனால் மூலப் படம் சர்வரில் தங்கிவிட்டால், பின்னாளில் அதிலிருந்து அடையாளத் தரவு எடுப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

கார்ட்டூனைக் காட்டித் திருடியவர்கள்

மோசடி நோக்கத்தோடு வரும் செயலிகளும் உண்டு. 2022 மார்ச்சில், 'கிராஃப்ட்ஸ்ஆர்ட் கார்ட்டூன் ஃபோட்டோ டூல்ஸ்' என்ற செயலி கூகுள் ப்ளே ஸ்டோரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டிருந்த நிலையில் சிக்கியது. திறந்ததும் அது ஃபேஸ்புக் கணக்கில் நுழையச் சொல்லும். அங்கே தட்டச்சு செய்யும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் திருடர்களுக்குப் போய்விடும். பிரதியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு கூகுள் அதை நீக்கியது. கடவுச்சொல் போனால், குடும்பத்துக்கு மட்டும் என்று ஃபேஸ்புக்கில் வைத்திருந்த குழந்தைப் படங்களும் சேர்ந்து போகும். அதிகாரப்பூர்வக் கடையில் கிடைக்கிறது, லட்சம் பேர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பாதுகாப்புக்குச் சான்றாகாது. முகத்தை வரைந்து தரும் செயலி ஃபேஸ்புக் கணக்கையோ தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ கேட்டால், அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியவை

குழந்தையின் படத்தைக் கொடுப்பதற்கு முன் செயலியின் தனியுரிமைக் கொள்கையைத் திறந்து, ஆங்கிலத்தில் சில சொற்களைத் தேடிப் பாருங்கள். perpetual, irrevocable என்று இருந்தால் உரிமை காலவரம்பின்றி, திரும்பப் பெற முடியாதபடி போகிறது என்று பொருள். train என்ற சொல் மென்பொருளைப் பழக்க நம் படத்தைப் பயன்படுத்துவார்களா என்பதையும், retain என்ற சொல் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் சொல்லும் பகுதிக்குக் கொண்டுபோகும். ப்ளே ஸ்டோரில் Data safety என்ற பகுதியும் இருக்கிறது. அதில் உள்ள விவரங்கள் செயலியை உருவாக்கியவரே தந்தவை என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

அனுமதி கேட்கும்போது முழு கேலரியையும் திறந்துவிடாதீர்கள். ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் குறிப்பிட்ட படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தர முடியும். மூலக் கோப்பைத் தருவதற்குப் பதில், படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகத்தைத் தவிர மற்றதை வெட்டிவிட்டுக் கொடுங்கள். கேமரா பதித்த இருப்பிடமும் சீருடையும் மற்ற பிள்ளைகளும் இதனால் விலகிவிடுவார்கள். முகம் போவதை மட்டும் இந்த வழியால் தடுக்க முடியாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் செயலியைப் போனிலிருந்து நீக்குவதோடு நிறுத்தக் கூடாது. நீக்கினால் போன்தான் சுத்தமாகும். சர்வரில் இருப்பது அப்படியே இருக்கும். முதலில் செயலிக்குள் கணக்கை அழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கணக்கே தொடங்காமல் பயன்படுத்தியிருந்தால், தனியுரிமைக் கொள்கையில் இருக்கும் மின்னஞ்சலுக்கு, நீங்கள் ஏற்றிய படங்களையும் அவற்றிலிருந்து பெற்ற தரவையும் அழித்து உறுதிப்படுத்தும்படி எழுதுங்கள். அதன் பிறகு செயலியை நீக்குங்கள். படமோ கணக்கோ தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்யலாம்.

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க முறையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. தரவை அழிக்கக் கோரும் உரிமையும் அதில் உண்டு. சட்டம் பெற்றோரின் ஒப்புதலுக்கு இவ்வளவு இடம் தருகிறது என்றால், அந்த ஒப்புதலை எண்ணிப் பார்த்துத் தரும் பொறுப்பும் பெற்றோருக்கு உண்டு. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் ஒப்புதல் தரலாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உங்களால் தர முடியாது. அவர்கள் இருக்கும் படத்தை அவர்கள் பெற்றோரிடம் கேட்காமல் எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள்.

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், வங்கி அட்டை போனால் புதிது வாங்கலாம். முகத்துக்கு அந்த வசதி இல்லை. இன்று ஆறு வயதில் இருக்கும் பிள்ளை இன்னும் பல பத்தாண்டுகள் அதே முகத்தோடுதான் வாழ வேண்டும். சர்வருக்குப் படம் அனுப்பும் இலவசச் செயலிகளுக்குக் குழந்தைகளின் படத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கார்ட்டூன் பார்க்க ஆசையாக இருந்தால் உங்கள் சொந்த முகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் முகத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவு செய்யட்டும்.