‘விளக்கப் படம்’ என்று எழுதினால் மட்டும் போதுமா?

கட்டட அனுமதிக்கான விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் ஏ.ஐ. படத்தில் எழுதும் குறிப்பு மூன்று செய்திகளைச் சொல்லியாக வேண்டும். படம் எதிலிருந்து உருவாக்கப்பட்டது, அதில் எவை அளந்து வரையப்படாதவை அல்லது விடுபட்டவை, முரண்பாடு வந்தால் எந்த வரைபடம் செல்லும் என்பவையே அவை. ‘விளக்கத்துக்காக மட்டும்’ என்ற ஒற்றை வரி இவற்றில் எதையும் சொல்வதில்லை. படம் முழுவதும் உண்மையல்ல என்று நினைத்து ஒருவர் அதைப் புறக்கணிக்கலாம். முழுவதும் ஏறக்குறைய உண்மை என்று இன்னொருவர் நம்பிவிடலாம். இரண்டுக்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது.

இடுக்கி மாவட்டத்தின் ஆனைக்கரை போன்ற மலைச்சரிவு ஊர்களில் இந்த வேறுபாடு பெரிது. ஏலத் தோட்டங்களுக்கு நடுவே, செல்லார்கோவில் காட்சிமுனையை ஒட்டிய பகுதியில் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு தங்கும் விடுதி கட்டப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தின் வெட்டுத்தோற்றத்தில் சரிவை 4 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அங்கே தடுப்புச் சுவர் எழுப்புவதாகக் காட்டியிருக்கிறது. முகப்பு வரைபடத்தைக் கொடுத்து ஏ.ஐ. மென்பொருளில் உருவாக்கிய படத்தில் அந்த வெட்டும் இல்லை, சுவரும் இல்லை. கட்டடத்துக்கு முன்னால் மெல்லச் சாயும் புல்வெளியும் பெரிய மரங்களும் இருக்கின்றன. யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய மென்பொருள்கள் நிலத்தை அளப்பதில்லை. தாம் கற்ற படங்களில் விடுதிகளைச் சுற்றி வழக்கமாக என்ன இருந்ததோ அதைக் கொண்டு வெற்றிடத்தை நிரப்புகின்றன. வடிவமைப்பாளர் கட்டிய முப்பரிமாண மாதிரியிலிருந்து எடுத்த படத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். அங்கே ஒவ்வொரு சுவருக்கும் ஓர் அளவு இருக்கும்.

மேட்டில் வெட்டுவது கீழ்வீட்டுக்காரருக்கு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 2018-இன் பெருமழையில் இடுக்கியில் பல இடங்களில் மண் சரிந்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் தொழிலாளர் குடியிருப்புகளையே மண் மூடியது. தடுப்புச் சுவரும் நீர்வடிகாலும் படத்தில் மறைந்திருந்தால், ஆட்சேபம் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போய்விடுகிறார்.

ஆகவே மேலே சொன்ன விடுதிக்கான குறிப்பு இப்படி அமையலாம்: ‘இது விளக்கப் படம். ஏ.ஐ. மென்பொருளால் உருவாக்கப்பட்டது. கட்டடத்தின் தோற்றம் முகப்பு வரைபடம் 3, திருத்தம் 2-ஐ அடிப்படையாகக் கொண்டது. நிலத்தின் சரிவு, மரங்கள், சாலை அகலம், தொலைவிலுள்ள மலைகள் ஆகியவை அளந்து வரையப்பட்டவை அல்ல. வடக்குப் பக்கத்தில் அமையவுள்ள 4 மீட்டர் தடுப்புச் சுவர் இப்படத்தில் காட்டப்படவில்லை. அதற்கு வெட்டுத்தோற்றம் 5-ஐப் பார்க்கவும். உயரம், எல்லையிலிருந்து விடப்படும் திறந்தவெளி ஆகியவற்றுக்கு வரைபடங்கள் மட்டுமே செல்லும்.’

இதில் மிக முக்கியமானது, விடுபட்டதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஐந்தாவது வாக்கியம். ‘சில விவரங்கள் மாறுபடலாம்’ என்று பொதுவாக எழுதுவதால் எந்த விவரம் என்று தெரியாது. திருத்த எண்ணும் தேவை. வரைபடம் மாறிய பிறகும் பழைய படம் கோப்பிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடப்பது. குறிப்பைப் படத்தின் மேலேயே பதிக்க வேண்டும். பக்கத்தின் அடியில் தனியாகத் தட்டச்சு செய்தால் படத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது கழன்றுவிடும். எழுத்து, அச்சிட்ட தாளில் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். எல்லைப் பகுதி மக்கள் படிப்பதற்காக மலையாளத்திலும் தமிழிலும் அதை எழுதுவது நியாயமானது.

பிரிட்டனில் நிலக்காட்சி வல்லுநர் அமைப்பான லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிட்யூட் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, திட்ட விண்ணப்பங்களில் வரும் படங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை குறிப்பெழுதிய புகைப்படம் மட்டுமே. நான்காவது, கேமரா நின்ற இடத்தையும் அளவையும் சரிபார்க்கக்கூடிய ஒட்டுப்படம். படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படத்தோடு சேர்த்தே சொல்லும் இந்தப் பழக்கம் இங்கேயும் பின்பற்றத் தக்கது. கேமரா நின்ற இடம் என்று ஒன்றே இல்லாத ஏ.ஐ. படம் அந்த நான்காம் வகையில் ஒருபோதும் சேராது. எனவே காட்சி எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அதன் குறிப்பில் எழுதுவது தவறு.

குறிப்புக்கு ஓர் எல்லை உண்டு. கட்டடத்தின் உயரமோ மாடிகளின் எண்ணிக்கையோ படத்தில் பொய்யாக இருந்தால் அதைக் குறிப்பால் சரிசெய்ய முடியாது. படத்தையே மாற்ற வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். இதைச் சாதாரண மனிதரே சோதித்துப் பார்க்கலாம். வாசல் கதவு பொதுவாக 2.1 மீட்டர் உயரம். முகப்பை நேராகக் காட்டும் படத்தில் கதவின் உயரம் கூரைவரை எத்தனை தடவை வருகிறது என்று அளந்தால் ஏறக்குறைய உயரம் கிடைக்கும். ஐந்து தடவை வந்தால் சுமார் 10.5 மீட்டர். வரைபடத்தில் 13 மீட்டர் என்று இருந்தால் கட்டடம் சிறியதாகக் காட்டப்படுகிறது என்று பொருள். மாடிக்கு மாடி சன்னல்களை எண்ணி முகப்பு வரைபடத்தோடு ஒப்பிடுவது இன்னும் எளிது. ஏ.ஐ. படங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அது.

கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் கேரளத்தின் கே-ஸ்மார்ட் இணையதளம் 2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளிலும் நடைமுறையில் உள்ளது. அனுமதி வரைபடத்துக்குத்தான், அழகுப் படத்துக்கு அல்ல. ஆனால் உண்மையைத் திரித்துப் பெறப்பட்ட பெர்மிட்டை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் 2019-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்துக் கட்டட விதிகள் பஞ்சாயத்துச் செயலருக்கு அதிகாரம் அளிக்கின்றன. ரத்துக்கு முன் உரிமையாளர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரப்படும். 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடத் திட்டம் என்றால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். அங்கே வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தால் அனுமதியையே இழக்க நேரிடும்.

அதே படம் விற்பனைத் துண்டறிக்கைக்கும் போனால் வேறு சட்டம் குறுக்கிடுகிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரியிலோ இருந்த பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து இழப்படைந்தவருக்கு இழப்பீட்டு உரிமை தருகிறது. அவர் திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திரும்பக் கிடைக்க வேண்டும். மூலையில் அச்சிட்ட ‘கற்பனைப் படம்’ என்ற சொல், தானாகவே இந்த உரிமையைப் பறித்துவிடாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மிகாமலோ கட்டும் திட்டங்களுக்கு இச்சட்டத்தின் பதிவு கட்டாயமில்லை.

சந்தேகம் உள்ள அண்டைவீட்டார் முதலில் செய்ய வேண்டியது கோப்பைப் பார்ப்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பஞ்சாயத்தில் விண்ணப்பித்து, அனுமதிக்கப்பட்ட தள வரைபடம், வெட்டுத்தோற்றம், இணைக்கப்பட்ட படங்கள் ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. கையில் கிடைத்ததும் புகாரில் ‘படம் பொய்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த வரைபட எண்ணில் என்ன இருக்கிறது, படத்தில் அதற்குப் பதில் என்ன இருக்கிறது, குறிப்பு அதைச் சொல்கிறதா என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிச் செயலரிடம் ஒப்புகைச்சீட்டோடு கொடுக்க வேண்டும். படத்தின் நகலும் வரைபடத்தின் நகலும் ஒரே தாளில் அருகருகே இருந்தால் ஆய்வுக்கு வரும் பொறியாளருக்கு இடத்திலேயே பார்க்க எளிதாக இருக்கும்.