பன்னிரண்டு மணியில் ‘சி’

கடிகாரம் போல ஒரு வட்டம் போட்டு, பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில் ‘சி’ என்று எழுதுங்கள். வலப்பக்கம் அடுத்து ‘ஜி’. சி ஷட்ஜமானால் அதன் பஞ்சமம் இது. இடப்பக்கம் ‘எஃப்’. சி மேஜரில் எஃப் ஸ்வரத்தை மட்டும் அரை ஸ்வரம் ஏற்றினால் ஜி மேஜர் வந்துவிடும். மற்ற ஆறும் அப்படியே இருக்கும். அடுத்தடுத்த ஸ்கேல்கள் ஒட்டிப்போவது இதனால்தான்.

சி மேஜர் பாட்டுக்குக் கிட்டார் கார்டு தேடுகிறவர் முதலில் எஃப், சி, ஜி மேஜர்களை எடுத்துக்கொள்ளலாம். உள்வட்டத்தில் இவற்றுக்கு நேரே டி மைனர், ஏ மைனர், ஈ மைனர். ஆறும் ஒரே குடும்பம். ஏழாவதான பி டிமினிஷ்டு இந்தக் கூட்டத்தில் சேராது, தொடக்கத்தில் விட்டுவிடலாம். நடுவில் ஈ மேஜர் தலைகாட்டினால் குழம்ப வேண்டாம். ஏ மைனருக்கு இழுத்துப்போக இசையமைப்பாளர் வெளியிலிருந்து கடன் வாங்கியது அது.