அயர்ன் பட்டர்ஃப்ளையா, அயர்ன் காண்டோரா?

கையில் வரும் பிரீமியத்தைப் பார்த்தால் பட்டர்ஃப்ளைதான் லாபம் மாதிரி தெரியும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

நிஃப்டி 25,000-ல் இருக்கிறது. இரண்டிலும் பாதுகாப்புக்கு 24,600 புட், 25,400 கால் வாங்குகிறோம். பட்டர்ஃப்ளையில் 25,000 கால், 25,000 புட் இரண்டையும் விற்கிறோம். வாங்கிய செலவு போக 260 புள்ளி கிடைக்கிறது. காண்டோரில் 24,800 புட், 25,200 கால் விற்கிறோம். நிகரமாக 100 புள்ளிதான்.

ஆனா அந்த 260 முழுசா நம்ம கையில் நிற்க, எக்ஸ்பைரியில் நிஃப்டி சரியாக 25,000-ல் முடியணும். ஒவ்வொரு புள்ளி நகர்ந்தாலும் லாபத்தில் ஒரு புள்ளி போய்விடும். காண்டோரிலோ 24,800 முதல் 25,200 வரை எங்கே முடிந்தாலும் 100 அப்படியே இருக்கும்.

அப்போ எது எப்போது மேல்? இரண்டு கிரெடிட்டுக்கும் உள்ள வித்தியாசம் 160. நிஃப்டி 160 புள்ளிக்குள் நகர்ந்தால் பட்டர்ஃப்ளை அதிகம் தரும். அதைத் தாண்டினால் காண்டோர். 200 நகர்ந்தால் பட்டர்ஃப்ளைக்கு 60, காண்டோருக்கு 100. 280 நகர்ந்தால் பட்டர்ஃப்ளை 20 நஷ்டம், காண்டோர் 20 லாபம். 400-ஐத் தாண்டினால் முழு நஷ்டம்: பட்டர்ஃப்ளையில் 140, காண்டோரில் 100.

ஆக, ஆர்டர் போடும் முன் கேட்க வேண்டியது "எவ்வளவு கிரெடிட்?" என்பதல்ல, "160-க்குள் நிற்கும்னு நம்புறேனா?" என்பதுதான். தரகு, வரி எதையும் இதில் கழிக்கவில்லை.