"அவனும் ஒத்துக்கிட்டுத்தானே வந்தான்?"

சி ரூசா தோட்டத்தில் நான் வளர்ந்தபோது, இளைஞர்களின் சண்டை பெரும்பாலும் "வாடா, திடலுக்கு!" என்றுதான் தொடங்கும். இருவரும் சம்மதித்தே மோதியதால் அது குற்றமல்ல என்று நாங்கள் நம்பினோம்.

நமது குற்றவியல் சட்டத்தின் 87-வது பிரிவு அந்தச் சம்மதத்தை ஓரளவுதான் ஏற்கிறது. காயமடைந்தவர் 18 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அடித்தவருக்குக் கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கமோ, அது நேரக்கூடும் என்ற அறிவோ இருக்கக்கூடாது. எலும்பு முறிவு 320-வது பிரிவின்படி கொடுங்காயமே.

1980-இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 18 வயது இளைஞனும் 17 வயதுப் பையனும் தெருவில் பேசிவைத்து மோதினார்கள். பையனுக்கு மூக்கில் ரத்தம், முகத்தில் கன்றிய காயங்கள். காயப்படுத்தும் நோக்கத்தோடு நடக்கும் இத்தகைய சண்டையில் சம்மதம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முறைப்படி நடக்கும் விளையாட்டுக்கு விலக்களித்தது.

அதே சண்டை இங்கே நடந்திருந்தால்? பையனுக்கு 17 வயது. 87-வது பிரிவு உதவாது.

இருவருக்கும் 20 வயது என்றால், சிராய்ப்போடு முடிந்த சண்டைக்கு அந்த வாதம் எடுபடலாம். கீழே விழுந்தவனின் முகத்தில் உதைத்து எலும்பு முறிந்தால் எடுபடாது. விளைவு தெரியாது என்று யார் நம்புவார்? பாக்சிங்கில் கையுறை, பல் கவசம், நடுவர் எல்லாம் உண்டு. விழுந்தவனை அடிக்கவும் முடியாது.

இன்னொன்று: பொது இடத்தில் அமைதி கெடச் சண்டையிடுவது 160-வது பிரிவில் தனிக்குற்றம். அதற்கு இருவரின் சம்மதமும் பதிலாகாது. கலைந்தது ஊரின் அமைதி.