மௌனம் எந்த வரைவுக்குச் சம்மதம்?

ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு கூடிப் பேசிக் கலைந்த பிறகு, நடந்ததை எழுத்தில் வடிக்கும் வேலை கம்பெனி செக்ரட்டரியின் மேசைக்கு வருகிறது. அவர் மினிட்ஸ் வரைவை எழுதி இயக்குநர்களுக்கு அனுப்புகிறார். இதற்கு இந்தியாவில் கெடு உண்டு. எஸ்.எஸ்.-1 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செயலகச் செந்தரத்தின்படி, கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவு எல்லா இயக்குநர்களுக்கும் போயிருக்க வேண்டும். கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் சேர்த்துத்தான். அனுப்பிய நாளிலிருந்து 7 நாளுக்குள் அவர்கள் தங்கள் கருத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட வேண்டும். இந்தக் கடைசிக் கெடு 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அதே செந்தரம் இன்னொன்றும் சொல்கிறது: கருத்து எதுவும் சொல்லாத இயக்குநர், அந்த வரைவை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். அதாவது மௌனம் சம்மதம். ஆனால் எந்த வரைவுக்குச் சம்மதம்? அந்த ஏழு நாளுக்குள் வாசகம் மூன்று முறை மாறி, மூன்றும் வேறு வேறு பேரிடம் இருந்தால், பேசாமல் இருந்தவர் எதை ஏற்றுக்கொண்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது, எண்ணை யார் மாற்றுவது என்ற கேள்விகளெல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு கம்பெனி. ஐந்து இயக்குநர்கள், அவர்களில் ஒருவர் தலைவர். கூட்டம் நடந்தது 2024 ஆகஸ்ட் 12. பதினைந்தாம் நாள் ஆகஸ்ட் 27, முப்பதாம் நாள் செப்டம்பர் 11. செக்ரட்டரி முந்திக்கொண்டு ஆகஸ்ட் 20 அன்றே வரைவை அனுப்புகிறார்; கருத்துச் சொல்லக் கடைசி நாள் ஆகஸ்ட் 27. கடைசி நாள் வரை காத்திருந்து 27 அன்று அனுப்பியிருந்தால் கருத்துகள் வரவே செப்டம்பர் 3 ஆகியிருக்கும். திருத்திச் சேர்த்து, கையெழுத்து வாங்க எட்டு நாள்தான் மிஞ்சும்.

வரைவின் 7-ஆம் பத்தி இது: “ரூ.48 லட்சத்தில் சி.என்.சி. கடைசல் இயந்திரம் வாங்க, இரண்டாவது கொட்டேஷன் பெற்ற பிறகு ஆர்டர் கொடுப்பது என்ற நிபந்தனையுடன், குழு ஒப்புதல் அளித்தது.”

ஒழுங்கு எதுவும் வைத்துக்கொள்ளாத அலுவலகத்தில் இந்த வரைவு `Minutes final.docx` என்ற பெயரில் கிளம்பும். முதல் இயக்குநர் நிபந்தனையை அடித்துவிட்டு எல்லோருக்கும் பதில் அனுப்புவார். “அது ஒருவர் சொன்ன யோசனை, முடிவு இல்லை” என்பது அவர் நினைவு. இரண்டாமவர் அந்த மெயிலைப் பார்க்காமல், மூல வரைவிலேயே “இரண்டாவது” என்பதை “குறைந்தது மூன்று” என்று மாற்றி `Minutes final corrected.docx` என அனுப்புவார். மூன்றாமவர் இரண்டாமவரின் ஃபைலைத் திறந்து, மாற்றங்களைக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு, “ரூ.48 லட்சம்” என்பதற்குப் பின்னால் “வரி நீங்கலாக” என்று சேர்த்து, அதே பெயரில் திருப்பி அனுப்புவார். நான்காமவர் பேசவே இல்லை. இப்போது ஒரே பெயரில் இரண்டு வாசகம் உலவுகிறது. நிபந்தனை இல்லாத வரைவு ஒரு கிளையில், நிபந்தனை இறுகிய வரைவு இன்னொரு கிளையில். இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் பெயர் முறை இதுதான்:

```
2024-08-12_Board-Minutes_D01.docx
2024-08-12_Board-Minutes_D01_RK.docx
2024-08-12_Board-Minutes_D02.docx
2024-08-12_Board-Minutes_SIGNED.pdf
```

முன்னால் இருக்கும் தேதி கூட்டம் நடந்த தேதி. வரைவு எழுதிய தேதியோ அனுப்பிய தேதியோ அல்ல. அது கடைசிவரை மாறாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபைல்கள் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். நாளை முன்னால் போட்டால் ஜனவரி 12-உம் ஆகஸ்ட் 12-உம் பக்கத்தில் பக்கத்தில் போய் நிற்கும். நம் வழக்கப்படி சாய்கோடு போட்டுத் தேதி எழுதவும் முடியாது. விண்டோஸ் ஃபைல் பெயரில் சாய்கோட்டை ஏற்பதில்லை. `D01`-இல் உள்ள சுழியம், பத்தாவது வரைவு வந்தால் அது இரண்டாவதுக்கு முன்னால் ஏறிவிடாமல் இருப்பதற்கு. நடைமுறையில் மினிட்ஸ் மூன்றாம் வரைவைத் தாண்டுவதே அபூர்வம். `final` என்ற சொல் எங்குமே வேண்டாம். தலைவர் கையெழுத்துப் போடும்வரை எதுவும் முடிவானதல்ல. போட்ட பிறகு `SIGNED` இருக்கிறது.

பெயரைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. வரைவின் எண்ணை மாற்றும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான், அதாவது செக்ரட்டரிக்கு. படித்துத் திருத்துகிறவர்கள் எண்ணைத் தொடக் கூடாது. தங்கள் முதலெழுத்தைப் பின்னால் ஒட்டித் திருப்பி அனுப்பினால் போதும். `D01_RK` என்றால் ஆர்.கே. என்ற இயக்குநர் D01-ஐப் படித்துச் சொன்ன கருத்து. அது புதிய வரைவு அல்ல. நால்வரும் தனித்தனியே D01-இன் மீதே எழுத வேண்டும், அடுத்தவர் திருத்திய ஃபைலின் மீது அல்ல. பதிலையும் செக்ரட்டரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். மூத்த இயக்குநர்களிடம் இதைச் சொல்லத் தயங்குவார்கள். வரைவோடு போகும் மெயிலில் இரண்டு வரியாக எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் தேவைப்படாது.

முதலெழுத்து ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வேர்டில் திருத்தம் செய்தவர் பெயர் தானாகவே பதிவாகும் என்றாலும், பல கணினிகளில் அந்தப் பெயர் `Admin` என்றோ `User` என்றோ இருக்கும். ஓரத்தில் மூன்று `Admin` வரிசையாக நின்றால் யார் சொன்னது எது என்று பிரிக்க முடியாது.

பதில்கள் வந்ததும் செக்ரட்டரி முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொன்றையும் D01-உடன் ஒப்பிடுவது. வேர்டில் Review பட்டையில் Compare என்ற பொத்தான் இருக்கிறது. மூல ஃபைலாக D01-ஐயும், திருத்திய ஃபைலாக வந்ததையும் கொடுத்தால், வேறுபாடு ஒவ்வொன்றும் வண்ணத்தில் தெரியும். திருத்தியவர் தடம் காட்டும் வசதியை அணைத்திருந்தாலும் தெரியும். மூன்றாமவர் சத்தமில்லாமல் சேர்த்த “வரி நீங்கலாக” அகப்படுவது இங்கேதான். கண்ணால் படித்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பக் கூடாது. அந்த இரண்டு சொல்லும் வாக்கியத்தில் வெகு இயல்பாக உட்கார்ந்திருக்கும். இந்தத் தொல்லையை முன்கூட்டியே தவிர்க்கவும் வழியுண்டு. அனுப்புவதற்கு முன் Track Changes-க்குக் கீழே உள்ள Lock Tracking-ஐத் தேர்ந்து கடவுச்சொல் போட்டுவிட்டால், பெறுகிறவர் அதை அணைக்க முடியாது. ஆனாலும் வாசகத்தை நகலெடுத்து வேறு ஃபைலில் ஒட்டி அனுப்புகிறவர்கள் இருப்பார்கள், அதனால் ஒப்பிடும் வேலை தப்பாது.

அடுத்தது திருத்தப் பட்டியல். ஒரு எளிய அட்டவணை போதும்: எந்தப் பத்தி, யார் சொன்னது, என்ன சொன்னார், ஏற்றதா இல்லையா, ஏன். பக்க எண் போட்டுக் குறிக்கக் கூடாது. ஒருவர் கைபேசியில் படிக்கிறார், இன்னொருவர் அச்செடுக்கிறார், பக்கங்கள் ஒத்துவராது. பத்தி எண்தான் எல்லோருக்கும் பொது. நம் உதாரணத்தில் 7-ஆம் பத்திக்கு மூன்று வரிகள் விழும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். செக்ரட்டரி கூட்டத்தில் எடுத்த கைக்குறிப்பைப் பார்க்கிறார்: இரண்டாவது கொட்டேஷன் என்பதைத் தலைவர் முடிவாகவே வாசித்திருக்கிறார், மூன்று என்ற பேச்சு எழவில்லை. ஆகவே இரண்டு திருத்தமும் தள்ளுபடி, காரணத்தோடு. கூட்டத்தில் எடுத்த முடிவைத்தான் மினிட்ஸ் சொல்ல வேண்டும். பிறகு யோசித்துத் தோன்றிய நல்ல யோசனைக்கு அதில் இடமில்லை. “வரி நீங்கலாக” என்பது மட்டும் கூட்டத்தில் வைத்த கொட்டேஷன் தாளிலேயே இருக்கிறது, தலைவரும் சரி என்கிறார், சேர்க்கப்படுகிறது. இப்படி உருவாவது D02.

D02-ஐ மறுபடி எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமா? எழுத்துப்பிழையும் காற்புள்ளியும் மட்டும் மாறியிருந்தால் அவசியமில்லை என்பேன். தொகை, நிபந்தனை, பெயர், யார் எதிர்த்தார் போன்ற ஒன்று மாறியிருந்தால் பட்டியலையும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புவதே நேர்மை. இங்கே தொகையின் பொருளே மாறியிருக்கிறது. பேசாமல் இருந்த நான்காமவர் ஏற்றுக்கொண்டது வரியைப் பற்றி ஒன்றும் சொல்லாத வாசகத்தை. அவர் புதியதைப் பார்க்க வேண்டும். 20-ஆம் தேதியே அனுப்பியிருப்பதால் அதற்கு நேரமும் இருக்கிறது.

ஃபைல் பெயர் ஓர் இடத்தில் கைவிடும். அது கைபேசி. வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைச் சேமித்தால் பெயர் சில சமயம் `DOC-20240820-WA0003` என்பதுபோல மாறிவிடும். மெயிலிலிருந்து இரண்டு முறை பதிவிறக்கினால் பெயரின் பின்னால் `(1)` ஒட்டிக்கொள்ளும். அதைப் புதிய வரைவு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அச்செடுத்த தாளிலோ ஃபைல் பெயரே இருக்காது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் “வரைவு D01, சுற்றுக்கு விட்டது 20.8.2024, கருத்துக்குக் கடைசி நாள் 27.8.2024” என்று அச்சாக வேண்டும். எண் மாறும்போது இந்த அடிக்குறிப்பையும் மாற்ற மறந்து, D02 என்ற ஃபைலுக்குள் D01 என்று இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அனுப்பும் முன் ஒருமுறை கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் ஒரே ஆவணத்தை எல்லோரும் சேர்ந்து திருத்தினால் இத்தனை ஃபைல் எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூகுள் டாக்ஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, பெயரோடு வைத்திருக்கிறது. எழுதும் கட்டத்துக்கு அது நல்ல வசதி. ஆனால் இயக்குநர்களுக்கு வெறும் இணைப்பை அனுப்பினால், செவ்வாய்க்கிழமை திறந்தவர் ஒன்றைப் படிப்பார், வெள்ளிக்கிழமை திறந்தவர் இன்னொன்றைப் படிப்பார். ஏழு நாளும் அசையாமல் நிற்கும் வாசகம் ஒன்று வேண்டும். அதனால் அந்த முறையிலும் D01-ஐ பி.டி.எஃப். ஆக எடுத்து மெயிலில் அனுப்பிவிட்டு, கருத்துகளை மட்டும் இணைப்பில் வாங்குவது பாதுகாப்பு. வரைவை அனுப்பியதற்கும் அது போய்ச் சேர்ந்ததற்குமான சான்றைக் கூட்டத் தேதியிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது செந்தரம். சான்று பேசும் ஃபைல் எது என்று தெரியாவிட்டால் அந்த மெயிலைக் காப்பாற்றி வைத்துப் பயனில்லை.

கையெழுத்தான பிறகும் திருத்தம் வரலாம். செப்டம்பர் 20 அன்று முதல் இயக்குநர் கூப்பிட்டு, நிபந்தனையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், பட்டியலின் அந்த வரியைக் காட்டலாம். அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதைச் செக்ரட்டரி மாற்ற முடியாது. சிறு பிழைகளைத் தாண்டிய எந்த மாற்றத்துக்கும் அடுத்த கூட்டத்தில் குழுவின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். அந்த முடிவு அடுத்த கூட்டத்தின் மினிட்ஸில், அதன் தேதியிட்ட ஃபைலில், மறுபடி D01-இலிருந்து தொடங்கும்.